பாதி நின்ற சாயம்

எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இரண்டும் காய்ந்த தென்னை மட்டை மாதிரி ஒரே பழுப்பாகத் தெரியும் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். தென்னை மட்டை மற்றவர்கள் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததால் அந்த உவமையையும் முழுதாக நம்ப வேண்டாம். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், வெளிர் எது அடர்த்தி எது என்று தெரியும். இந்தக் கண்ணோடு ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒரு சேலைச் சாயப் பட்டறையில் 1969 முதல் 2001 வரை வேலை பார்த்தேன். இப்போது அங்கே சாயப்பொடி சீல் வைத்த பிளாஸ்டிக் பையில், மேலே எண் அச்சடித்து வருகிறதாம். புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்து, "எண் இல்லாத காலத்துல, கலரும் தெரியாம எப்படிப்பா ஓட்டினே?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னதில் பாதி அவர்களுக்கு விளையாட்டாகப் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

சாயத்துக்கு நான் வந்ததே கண்ணால்தான். ஊரில் பெரிய இயந்திரத் தொழிற்சாலை ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். எலக்ட்ரீஷியன் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு அட்டையை நீட்டி, "நடுவுல இருக்கிற நம்பர் இன்னா?" என்றார்கள். நம்பர் எதுவும் இல்லை என்றேன். அடுத்த அட்டையிலும் இல்லை. சிவப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் மாற்றிப் பூட்டுகிறவன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சுரங்கத்தில் கூண்டு இறக்கும் வேலைக்கும் சிக்னல் விளக்கு தெரிய வேண்டும் என்றார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு கதவு சாத்தியாகிவிட்டது. மூன்றாவதாக என்னை எடுத்துக்கொண்டவர் தணிகாசலம் முதலாளி. அவருக்கு அப்போது வேண்டியிருந்தது தொட்டியில் சேலையைப் புரட்ட ஒரு ஆள். கண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அரக்குச் சேலையைப் பச்சைச் சேலைகளோடு சேர்த்து மடித்து வைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டறைக்கு வெளியே போய் நின்று, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். திரும்பி வந்து, "இனிமே உன் பேரு கண்ணாயிரம்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பேர்தான். என் சொந்தப் பேர் வரதன் என்பதைக் கடைவீதியில் பலர் என் மகன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

முதலாளியின் நடைமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயப் பட்டறைக்குள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார், ஒரு பொட்டுக் கறை இல்லாமல் வெளியே போவார். எதையும் தொடமாட்டார். சாயம் ஏறிய சேலையை ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒருபோதும் பார்க்கமாட்டார். காலையில் கடையின் வடக்குப் பக்கச் சந்துக்கு எடுத்துவரச் சொல்வார். அங்கே நேர்வெயில் விழாது. சேலையை நான் இரண்டு கையிலும் விரித்துப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை பார்ப்பார், எதிர்ச்சுவரைப் பார்ப்பார், மறுபடி சேலையைப் பார்ப்பார். பிறகு "சரி" என்பார், இல்லையென்றால் "இன்னொரு முங்கு" என்பார். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது தீர்ப்பை அவர் வாயில் நான் கேட்டதில்லை. தங்கச் சுரங்கக் கழிவு மண் மலையாகக் கிடக்கும் டம்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் சேலையை வெளியே எடுக்கவே விடமாட்டார். சயனைடு மண் ஈரப் பட்டில் ஒட்டினால் போகாது.

"நான் கண்ணு, நீ கை. ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போடக்கூடாது. அவ்ளோதான் சட்டம்" என்பார்.

அந்தக் கை எப்படிப் பழகியது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டுக்குப் போடுகிற ஆசிட் சாயங்கள் தகர டப்பாக்களில் வரும். சாயத்துக்கென்று தனி வாசனை இருக்கிறதா என்று பிறகு நூலகத்தில் வேதியியல் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். நான் மோந்ததில் பெரும்பகுதி சாயத்தோடு கலப்பவற்றின் வாசனை என்று புரிந்தது. பொடி பறக்காமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய் தெளிப்பார்கள், வலுவைக் குறைக்க உப்போ மாவோ சேர்ப்பார்கள். எது எவ்வளவு என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். எங்கள் கருஞ்சிவப்பு விரலில் ஒட்டும், லேசாக மண்ணெண்ணெய் மாதிரி மணக்கும். மிளகாய்ச் சிவப்பு ரவை மாதிரி நெருடும், மணமே இருக்காது. பச்சையைக் கிள்ளினால் மைதா மாதிரி வழுக்கும். புது லோடு வந்தால் முதலாளி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பேர் சொல்வார். நான் மோந்து, கிள்ளி, மனத்தில் பதிய வைத்துக்கொள்வேன்.

பருத்திக்கு வேறு கணக்கு. நிலைத்த சாயம் வேண்டுமென்றால் வாட் சாயம். அது தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும், சாயத்தை உரிக்கவும் பயன்படுகிற ஹைட்ரோஸ் பொடியும் போட்டுக் கரைக்க வேண்டும். கரைந்திருக்கும்போது அதன் நிறமே வேறாக இருக்கும், துணியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் உண்மை நிறம் வரும். ஆகவே தொட்டிக்குள் பார்த்து எந்தக் கண்ணுக்காரனும் ஒன்றும் சொல்ல முடியாது. விரல்நுனியை நனைத்துத் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்க வேண்டும். வழுக்கல் குறைந்தால் காஸ்டிக் போதவில்லை. மூக்கில் தீக்குச்சி உரசிய மாதிரி ஏற வேண்டும். அந்த நெடி மங்கினால் ஹைட்ரோஸ் செத்துவிட்டது, துணி திட்டுத் திட்டாக வரும். தொட்ட விரலை உடனே காடித் தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரியும். அசிட்டிக் ஆசிட்டை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம்.

இனி அந்த ஒரு சேலைக்கு வருகிறேன்.

1998, ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்த வாரம். முதலாளி ஆரணிக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார், மறுநாள் காலை வண்டியில்தான் வருவார். மத்தியானம் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். தாயும் மகளும். தாயின் பெயர் கிரிஜா, மகள் சுமதி. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் ஆட்கள். கணவர் தேவராஜ் அங்கே ஃபிட்டர். கிரிஜாவின் கையில் பெரிய துண்டு ஒன்றில் சுருட்டிய மூட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, முதலாளி இல்லையா?"

"நாளைக்கு வந்துடுவார். இன்னாம்மா, சொல்லுங்க."

"நாளைக்கா!" என்று அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் மூட்டையைப் பிரித்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த பட்டுச் சேலை அது. அடுத்த வாரம் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி, பெண் அழைப்பன்று அந்தச் சேலையைத்தான் பெண் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்க வேண்டும். எடுத்துப் பார்க்கலாம் என்று விளக்கு முன்னால் வைத்தபோது குத்துவிளக்கு எண்ணெய் கவிழ்ந்திருக்கிறது. கிரிஜா பதறிப்போய்த் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். கணவரின் கிரீஸ் பிடித்த யூனிஃபாரத்தை வாராவாரம் எப்படித் துவைப்பாரோ அப்படியே கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கொட்டிச் சேலையை ஊற வைத்துவிட்டார்.

"எண்ணெய் போச்சா?" என்றேன்.

"எண்ணெய் போச்சு அண்ணே" என்றாள் சுமதி. "சேலையும் போச்சு."

"நீ வாயை மூடு" என்றார் கிரிஜா. பிறகு என்னிடம், "மாப்பிள்ளையோட அம்மா பத்மாவதி, காஞ்சிபுரத்துல சொல்லி வாங்கின சுத்தப் பட்டுன்னு சபையில சொல்லிக் கொடுத்தாங்க. ஏற்கெனவே எங்க வீட்டுக்காரருக்கும் அவங்களுக்கும் மண்டபம் பேசறதுல வாய்த்தகராறு. முடிச்சா முடி, இல்லன்னா போன்னு இவர் எழுந்து வந்துட்டார். பெரியவங்க பேசித்தான் ஒட்ட வெச்சாங்க. இதுல சேலையைக் கெடுத்தோம்னு தெரிஞ்சுது, அவ்ளோதான். கொடுத்த சேலையை ஒரு வாரம் காப்பாத்தத் தெரியாதவள்னு என் பொண்ணைச் சொல்வாங்க. அவருக்கும் தெரியக்கூடாது, அவங்களுக்கும் தெரியக்கூடாது. பழையபடி பண்ணிக் கொடுங்க" என்றார்.

"பழைய கலர் இன்னா?"

"அரக்கு."

"அரக்கு இல்லம்மா," என்றாள் சுமதி. "ஜன்னல்கிட்ட பச்சை அடிச்சுது."

"பச்சையாம்! அரக்குச் சேலை பச்சை அடிக்குமா? நிச்சயத்தப்போ மாப்பிள்ளையைப் பாத்துகினு இருந்தா, சேலையை எங்க பாத்தா இவ!"

சிரித்துவிட்டேன். ஆனால் பிரச்சினை சிரிப்புக்குரியதல்ல. என் கண்ணுக்கு அது திட்டுத் திட்டான பழுப்புத் துணி. எங்கே அடர்த்தி, எங்கே வெளிர் என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது. இப்படித் திட்டாகப் போன பட்டுக்குப் பட்டறையில் ஒரே வழக்கம்தான். மிச்சமிருக்கும் சாயத்தை ஹைட்ரோஸில் முழுக்க உரித்துவிட்டு, வெள்ளையாக்கி, புதிதாக அரக்கு போடுவோம். ஜரிகை கறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி தெரிந்த வேலை. அம்மாள் அரக்கு என்கிறார். உலையை மூட்டியிருக்கலாம்.

கையில் எடுத்தபோதுதான் விரல் நின்றது.

ஈரப் பட்டு கைக்குள் குழையும். பிழிந்தால் கூந்தல் மாதிரி ஒன்று சேர்ந்து கொள்ளும். இந்தச் சேலை நீளவாக்கில் குழைந்தது. அகலவாக்கில் பிடித்தால் ஒரு விறைப்பு, தண்ணீரைக் குடித்து ஊதிய தடிப்பு. முகத்தருகே கொண்டுபோனேன். சூட்டில் நனைந்த பட்டுக்கு ஈர முடியின் வாடை உண்டு. புழுவிலிருந்து வந்ததல்லவா, அது போகவே போகாது. அந்த வாடை இருந்தது. அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது. கஞ்சி போட்ட வேட்டியை நனைத்தால் வருமே, அந்த வாடை.

சேலையின் அடிவிளிம்பில் ஃபால்ஸ் தைத்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் தையலைப் பிரித்து, பாவிலிருந்து ஒரு நூலும் ஊடையிலிருந்து ஒரு நூலும் உருவினேன். நெசவில் நீளமாக ஓடுவது பாவு, குறுக்காக ஓடுவது ஊடை. பாவு நூலை ஈரத்தோடு இழுத்தேன். கொஞ்சம் நீண்டு கொடுத்து மெதுவாக அறுந்தது. பட்டு நனைந்தால் பலம் குறையும். ஊடை நூல் நீளவில்லை. காய்ந்த நூலைவிட வலுவாக நின்று, திடீரென்று பொட்டென்று அறுந்தது. நனைந்தால் பலம் கூடுவது பருத்தி. உறுதி செய்துகொள்ள, இரண்டையும் அடுப்புப் பக்கம் உலர்த்திக் கொளுத்தினேன். பாவு சுருண்டு, முடி கருகிய நாற்றத்தோடு மணி மாதிரிக் கறுத்து உதிர்ந்தது. ஊடை காகிதம் மாதிரி நின்று எரிந்து சாம்பலானது.

காஞ்சிபுரத்தில் சொல்லி வாங்கிய சுத்தப் பட்டு, பாதி பருத்தி.

"இன்னா அண்ணே, கொளுத்தறீங்க?" என்றார் கிரிஜா.

"நூலைப் பாக்கறேன்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நிறம் பிடிபட்டுவிட்டது. சோடாத் தண்ணீரில் பட்டின் ஆசிட் சாயம் கழன்றுவிடும். பருத்தியில் ஏற்றிய வாட் சாயம் அந்தத் தண்ணீருக்கு அசையாது. ஒரே சேலையில் பாதி கழன்று பாதி நின்றிருக்கிறது என்றால் இரண்டு நூலுக்கும் இரண்டு சாயம். தாய் பார்த்த சிவப்பு ஒன்று, மகள் பார்த்த பச்சை ஒன்று. இப்படி நெய்வதில் வழக்கம் பாவு சிவப்பு, ஊடை பச்சை. நேரே பார்த்தால் சிவப்பு தூக்கும், சாய்த்துப் பிடித்தால் பச்சை அடிக்கும். தாய் சொன்னதும் சரி, மகள் சொன்னதும் சரி.

"இது அரக்கு இல்லம்மா. மாந்தளிர்" என்றேன்.

"அதான்!" என்று சுமதி கையைத் தட்டினாள். "மாந்தளிர்னுதான் அவங்க அத்தை சொன்னாங்க. இப்பதான் ஞாபகம் வருது."

நான் வழக்கப்படி ஹைட்ரோஸ் தொட்டியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். வாட் சாயத்தைக் கரைப்பதே ஹைட்ரோஸ்தான். சோடாவுக்கு அசையாமல் நின்ற பச்சையும் அதில் கழன்று ஓடியிருக்கும். பிறகு பாவையும் ஊடையையும் தனித்தனி நிறத்துக்குக் கொண்டுவரப் பல நாள் பிடித்திருக்கும், அந்த வாரத்தில் முடிந்திருக்காது.

சேலையை வைத்துவிட்டுப் போங்கள், நாளை வாருங்கள் என்று அனுப்பினேன். காலையில் முதலாளி ரயிலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். சந்தில் சேலையை விரித்தேன். ஃபால்ஸுக்கு அடியில், சோடா அதிகம் ஏறாத பட்டையைக் காட்டி, மாந்தளிர்தானே என்றேன். பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"மாந்தளிர்" என்றார். "உனக்கு யார் சொன்னா?"

"ஊடை பருத்தி முதலாளி."

வெற்றிலை கன்னம் மாறியது. "அந்த அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. தேவராஜைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். இது அவன் காதுக்குப் போச்சு, சேலையைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டு வாசல்லயே கொளுத்துவான். கல்யாணம் நின்னுடும். நம்ம வேலை சாயம். சாயத்தைப் போடு."

"இதைச் சுத்தப் பட்டா நெய்திருந்தா நம்மால காப்பாத்தவே முடிஞ்சிருக்காது முதலாளி."

அது உண்மை. முழுப் பட்டில் இரண்டு நிற நூலும் ஆசிட் சாயம் ஏற்கும். தொட்டியில் முக்கினால் பாவு, ஊடை இரண்டும் ஒரே சிவப்பாகிவிடும், பச்சை செத்துவிடும். இதிலோ ஊடை பருத்தி. ஆசிட் சாயம் பருத்தியைப் பிடிக்காது. சிவப்பு பாவில் மட்டும் ஏறும், பச்சை அப்படியே நிற்கும். ஏமாற்றின பாதிதான் சேலையைக் காப்பாற்றுகிற பாதி.

எந்தச் சிவப்பு என்று பார்க்க வெள்ளைப் பட்டு நூலில் கண்ணி என்கிற சிறு சுருள்கள் மூன்று எடுத்துக்கொண்டேன். கருஞ்சிவப்பில் முக்கியதற்கு ஒரு முடிச்சு, இரண்டையும் கலந்ததற்கு இரண்டு, மிளகாய்ச் சிவப்புக்கு மூன்று. முடிச்சு போடாவிட்டால் எனக்கு மூன்றும் ஒன்றுதான். உலர்ந்ததும் ஃபால்ஸ் அடியிலிருந்த நூலோடு சேர்த்து முதலாளியிடம் நீட்டினேன்.

"ரெண்டு முடிச்சு" என்றார்.

அன்று பிற்பகல் கிரிஜா தனியாக வந்தார். நான் சேலையைச் சூடில்லாத தண்ணீரில் அலசிச் சோடாவைப் போக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். பட்டு எல்லாம் ஒரே பட்டுதானே. பாதி போயி பாதி எப்படி நிக்கும்?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நூலைக் கொளுத்தினீங்களே. அடுப்படியில நான் முடி கருகின நாத்தமும் மோந்தேன், பேப்பர் எரிஞ்ச நாத்தமும் மோந்தேன். எனக்கும் மூக்கு இருக்குது. சொல்லுங்க."

சொன்னேன். எதையும் கூட்டாமல், குறைக்காமல். பாவு பட்டு, ஊடை பருத்தி என்றேன்.

அந்த அம்மாள் தொட்டியோரம் குந்தி உட்கார்ந்து, மிதந்த முந்தானையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஷிப்ட் சங்கு ஊதியது.

"சபையில சொன்னாங்களே அண்ணே. சுத்தப் பட்டுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்களே."

"அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ" என்றார் முதலாளி, திரும்பாமலே.

"தெரிஞ்சிருந்தா?"

முதலாளி கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினார்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா இன்னிக்கே முடிஞ்சுடும்" என்றார் கிரிஜா. "பையன் நல்ல பையன். சுமதியை ரெண்டு தடவை பாக்க வந்தான். ரெண்டு தடவையும் என்னைப் பாத்துதான் பேசினான், அவ்ளோ வெக்கம்." கொஞ்சம் சிரித்தார். பிறகு எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "போடுங்க அண்ணே. அவங்க கொடுத்தப்போ எப்படி இருந்துதோ அப்படியே இருக்கணும். ஒரு இழை கூட மாறக்கூடாது. இந்தப் பேச்சை இங்கயே விட்டுடுங்க."

மறுநாள் போட்டேன். தாமிரத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். நன்றாகக் கரைத்து வடிகட்டிய சாயம். திட்டு விழாமல் மெதுவாக ஏறுவதற்குக் கிளாபர் உப்பு. காடியை முதலிலேயே கொட்டவில்லை. கொட்டினால் ஏற்கெனவே வெளிறிய இடத்தில் சாயம் பாய்ந்து பிடித்துவிடும். சேலையை நனைத்து இறக்கி, இரண்டு கோலால் ஓயாமல் புரட்டினேன். சூடு ஏற ஏறக் காடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கொதி வரவிடவில்லை. கொதித்தால் பட்டின் மினுக்குப் போய்விடும், ஏற்கெனவே சோடா கொஞ்சம் தின்றிருந்தது. சாயம் ஏறிவிட்டதா என்று மற்றவர்கள் தண்ணீர் தெளிந்ததைப் பார்ப்பார்கள். நான் மூக்கை வைப்பேன். ஆரம்பத்தில் ஆவியில் காடி நெடிக்குக் கீழே கருஞ்சிவப்பின் எண்ணெய் வாடை மெலிதாக வரும். அது கரைந்து போய் வெறும் காடியும் ஈர முடியும் மட்டும் மிஞ்சினால் அடுப்பை அணைத்துவிடலாம். அன்று அந்த வாடை போக வழக்கத்தைவிடச் சற்று நேரம் பிடித்தது. பொறுத்திருந்தேன்.

ஆறவிட்டு அலசினேன். பருத்தி ஊடையில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சச் சிவப்பும் அலசலில் வந்துவிட்டது. கடைசி அலசலுக்கு மெல்லிய காடித் தண்ணீர். அதில்தான் பட்டுக்குச் சரசரப்பு வரும். நிழலில் உலர்த்திக் கசக்கிப் பார்த்தேன். நீளவாக்கில் சரசரத்தது. அகலவாக்கில் விறைப்பு அப்படியே இருந்தது. அதை மாற்ற எந்தக் காடியும் கிடையாது.

காலையில் சந்துக்குக் கொண்டுபோனேன். முதலாளி பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். அருகில் வந்து, அவர் எப்போதும் செய்யாத காரியமாக, ஒரு மூலையைப் பிடித்துச் சாய்த்தார். நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார்.

"சரி" என்றார்.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வந்தது. முதலாளி போகவில்லை. நான் போனேன். பெண் அழைப்பில் சுமதி காரிலிருந்து இறங்கினாள். பத்மாவதியம்மாள் ஆரத்தி எடுத்தார். பிறகு மருமகளின் முந்தானையைப் பிடித்துத் தன் பக்கத்து உறவுக்காரர்களிடம் காட்டி, "மாந்தளிர். நானே போயி எடுத்தேன்" என்றார். கிரிஜா பக்கத்திலேயே நின்றிருந்தார். "நல்ல சேலை சம்பந்தி" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. தேவராஜ் பந்தியில் சாம்பார் பத்தவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் நடந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த வருஷம், 1999 ஆடி என்று நினைக்கிறேன். டம்ப் காற்று அடித்த மாதம் என்பது நிச்சயம், கடைக் கதவைப் பாதி சாத்தியிருந்தோம். பத்மாவதியம்மாள் வந்தார். கையில் ஒரு சேலை. கோயிலில் மழையில் நனைந்ததாகவும், வீட்டில் கொஞ்சம் சோப்பு போட்டு வெந்நீரில் அலசியதில் நிறம் கெட்டுவிட்டதாகவும் சொன்னார்.

"இன்னாங்க இது, திட்டுத் திட்டா? போன வருஷம் பிள்ளை கல்யாணத்துக்கு எனக்கு எடுத்தது. மருமகளுக்கு எடுத்த கடையிலதான். சுத்தப் பட்டு."

கையில் வாங்கினேன். ஈரமில்லை. ஓரத்தை நனைத்தேன். நீளவாக்கில் குழைவு, அகலவாக்கில் விறைப்பு. மோந்தேன். ஈர முடி, கஞ்சி வேட்டி.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "இன்னா?" என்றார்.

முதலாளி கல்லாவிலிருந்து, "ஒண்ணும் இல்லம்மா, போட்டுக் கொடுத்துடலாம்" என்றார்.

"நான் அவரைத்தான் கேட்டேன்" என்று அந்த அம்மாள் என்னைக் காட்டினார்.

இந்தத் தடவை நான் முதலாளியைப் பார்க்கவில்லை. அது அந்த அம்மாளின் சேலை. ஒரு இழை உருவி, உலர்த்தி, அவர் முன்னாலேயே கொளுத்திக் காட்டினேன். பிறகு இன்னொரு இழை. பாவு எது, ஊடை எது என்று சொன்னேன்.

நம்பாமல் தானே ஒரு ஊடை நூலை உருவி, தீக்குச்சி வாங்கிக் கொளுத்தினார். காகிதம் மாதிரி எரிந்தது. விரல் சுடும்வரை பிடித்திருந்தார்.

"ஏமாத்திட்டானே" என்றார். "ரெண்டு சேலைக்கும் சுத்தப் பட்டுன்னு சத்தியம் பண்ணானே. நான் அதை நம்பி சபையில..." நிறுத்திவிட்டார். முகம் வேறு மாதிரி ஆனது. "அப்போ சுமதிக்குக் கொடுத்தது?"

நான் கீழே விழுந்த சாம்பலைத் துடைத்தேன்.

"அதுவும் இங்க வந்துதா?"

கிரிஜா இங்கேயே விட்டுவிடச் சொல்லியிருந்தார். நான் சேலையை மடிக்க ஆரம்பித்தேன். என் கை மடிப்பில் தவறியது. இரண்டு தடவை பிரித்து மடித்தேன்.

"வந்திருக்குது" என்றார் பத்மாவதியம்மாள். "எப்போ? கல்யாணத்துக்கு அப்பாலயா, முன்னாடியா?"

"அம்மா, ஒவ்வொருத்தர் துணியையும் பத்தி நாங்க..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"முன்னாடி" என்றார் அந்த அம்மாள், தனக்குத்தானே. "முன்னாடிதான். அதான் ஆரத்தி எடுக்கறப்போ முந்தானை கைல கரகரன்னுது. நிச்சயத்தப்போ அப்படி இல்ல. புதுசா கஞ்சி போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

எங்கள் காடி அலசலை அவர் விரல் அன்றே பிடித்திருக்கிறது. என் தொழிலை இவ்வளவு சரியாகத் தொட்ட இன்னொரு கையை நான் கண்டதில்லை.

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். காற்று கதவைத் தள்ளித் தள்ளிச் சாத்தியது. முதலாளி எழுந்துபோய்க் கதவுக்குக் கல் வைத்தார்.

"அவங்களுக்கும் இப்படித்தான் கொளுத்திக் காட்டியிருப்பீங்க. சம்பந்தியம்மா தெரிஞ்சே நின்னாங்க" என்றார் பத்மாவதியம்மாள். "நான் முந்தானையைப் பிடிச்சு ஊர்க்கெல்லாம் காட்டிகினு இருக்கேன், பக்கத்துல நின்னு நல்ல சேலை சம்பந்திங்கறாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அன்னிக்கே பந்தலைப் பிரிச்சிருப்பார். கல்யாணம் ஆனதுலேருந்து பொங்கலுக்கு வாங்க, வருஷப் பிறப்புக்கு வாங்கன்னு கூப்பிட்டு அனுப்பறாங்க. சாம்பார் பத்தலைன்னு அவர் கத்தினதுக்காக நான் அந்த வீட்டுப் படி ஏறல."

"இதுக்கும் அதே சிவப்புதானேம்மா?" என்றேன், பேச்சை மாற்ற.

"இன்னா வேணா போடுங்க."

எழுந்தார். வாசல்வரை போய், காற்றுக்குத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். படியிலிருந்து திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அவங்க குவார்ட்டர்ஸுக்குப் போற பஸ் எங்க நிக்குது?"

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, கூடவே இறங்கிப் போய் வழி காட்டினார்.